பூட்டிய பிறகும் உள்ளேதான் இருந்தான்: இணைய வகுப்பில் நடந்த அத்துமீறலும் அதற்குப் பின் செய்ய வேண்டியதும்

வாசகர் கடிதம் (அடையாளங்கள் மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டுள்ளது)

வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் தமிழ் அமைப்பின் சார்பில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஸூம் வழியாகத் திருக்குறள் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி என்று நாற்பது பேர் வருவார்கள். சுட்டியை ஃபேஸ்புக்கிலும் போடுவோம். பிள்ளைகள் வரைந்ததைக் காட்டுவதற்காகத் திரைப் பகிர்வை எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். போன வாரம் 8.12 மணிக்கு யாரோ கத்த ஆரம்பித்தார்கள். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். பிறகு திரையில் ஆபாசப் படம் ஓடியது. நான் உடனே கூட்டத்தைப் பூட்டினேன், நிற்கவில்லை. திரையில் தெரிந்த பெயர் எங்கள் பழைய செயற்குழு உறுப்பினருடையது. அவருக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு. அவரை வெளியேற்றினேன், அப்போதும் படம் ஓடியது. இணைப்பு அறுந்த இரண்டு பெரியவர்கள் திரும்ப உள்ளே வர முடியவில்லை. கடைசியில் 8.20க்குக் கூட்டத்தையே முடித்துவிட்டேன்.

அந்த உறுப்பினர் "என்னை ஏன் வெளியேற்றினீர்கள்" என்று தைரியமாகச் செய்தி அனுப்புகிறார். குழுவில் ஒருவர் அவருடைய படத்தையும் கைப்பேசி எண்ணையும் வாட்ஸ்அப்பில் போட்டு "இவன்தான்" என்று எழுதிவிட்டார். ஒரு தாயார் நடந்ததைக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார். தலைவர், அமைப்பின் பெயர் கெடும், போலிஸ் வேண்டாம் என்கிறார். நான் எங்கே தவறினேன்? என்மேல் வழக்கு வருமா? வருகைப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் படத்துக்காக உங்கள்மேல் குற்றம் சுமத்த இடமில்லை. அதை ஓட்டியவரும் நீங்கள் இல்லை, ஓட்ட விட்டவரும் நீங்கள் இல்லை. உங்கள் தரப்பில் யாருக்காவது வழக்கு வரும் என்றால், அந்த வாட்ஸ்அப் பதிவைப் போட்டவருக்குத்தான் வரும். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அவரை அழைத்து, பதிவை எல்லாருக்கும் அழியும்படி நீக்கச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். காரணம் நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே இருக்கிறது.

பட்டியல் சொல்லும் கதை

அந்த உறுப்பினரின் பெயர் பட்டியலில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வருகிறது. முதல் வரியில் அவருடைய மின்னஞ்சல் இருக்கிறது. 7.57க்கு நுழைந்து 8.15க்குப் போயிருக்கிறார். இரண்டாவது வரியில் மின்னஞ்சல் இல்லை. பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் வேறொரு பெயர் இருக்கிறது. ஸூம் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் வருவது, நுழையும்போது வைத்திருந்த பழைய பெயர். அந்த ஆள் 8.11க்கு வேறு பெயரில் நுழைந்து, உள்ளே இருந்தவர்களில் ஒருவருடைய பெயரைப் பார்த்துத் தனக்குச் சூட்டிக்கொண்டு, 8.20 வரை, அதாவது நீங்கள் கூட்டத்தை முடிக்கும்வரை, உள்ளேயே இருந்திருக்கிறான்.

அப்படியானால் 8.15க்கு நீங்கள் வெளியேற்றியது யாரை? வெளியேற்றப்பட்டவர், தானே கிளம்பியவர் என்று பட்டியல் பிரித்துக் காட்டாது. ஆனால் நீங்கள் ஒருவரை வெளியேற்றியும் படம் நிற்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஒரே பெயரில் இரண்டு கட்டங்கள் இருந்தபோது, மூன்று வருடமாக வகுப்புக்கு வருகிற உண்மையான மனிதரை அனுப்பிவிட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் கேட்ட கேள்வி தைரியத்தில் கேட்டது இல்லை, நியாயமான கேள்வி.

அவருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்று இந்தப் பட்டியல் நிரூபித்துவிடவில்லை. அதை விசாரிப்பது போலிசின் வேலை. திரையில் தெரியும் பெயர் சாட்சியாகாது என்பதை மட்டும் இது காட்டுகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் இரண்டே தட்டலில் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: அதே பட்டியலில் 8.10க்கும் 8.12க்கும் நடுவே மின்னஞ்சல் இல்லாத இன்னும் மூன்று பேர் அடுத்தடுத்து நுழைந்திருக்கிறார்கள். உங்கள் பழக்கமான கூட்டத்தில் அந்த நேரத்தில் அப்படி யாரும் வருவதில்லை. ஃபேஸ்புக்கில் கிடந்த சுட்டியைப் பிடித்துக் கும்பலாக வந்திருக்கிறார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பட்டியலை மீண்டும் இறக்கும்போது ஒரே ஆளின் வரிகளை ஒன்றாகச் சேர்க்கும் `Show unique users` என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். நுழைந்தது, போனது, மறுபடி வந்தது எல்லாம் தனித்தனியாகத் தெரிய வேண்டும். உங்கள் ஸூம் கணக்கின் நேர மண்டலம் சிங்கப்பூருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வேறு நாட்டு நேரத்தில் இருந்தால் பட்டியலின் நேரமும் அதன்படிதான் வரும், போலிசிடம் கொடுக்கும்போது குழப்பமாகும். இந்த அறிக்கை கட்டணக் கணக்குகளுக்குத்தான் கிடைக்கும். இலவசக் கணக்கில் நடத்தியிருந்தால் இவ்வளவையும் நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

பூட்டு என்ன செய்யும், என்ன செய்யாது

`Lock meeting` வாசலை மட்டும்தான் அடைக்கும். உள்ளே இருப்பவனை அது ஒன்றும் செய்யாது. 8.12 வரை வந்துவிட்ட நான்கு பேரோடு சேர்த்துத்தான் 8.13க்கு நீங்கள் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். அதோடு, பூட்டிய கூட்டத்துக்குள் கடவுச்சொல் தெரிந்தாலும் யாரும் புதிதாக நுழைய முடியாது. வைஃபை அறுந்து வெளியே போன பாட்டியும் அந்தக் கணக்கில் புது ஆள்தான். காத்திருப்பு அறைக்குக்கூட அவரால் வர முடியாது.

அந்த நேரத்தில் முதலில் தொட வேண்டியது வேறு பொத்தான். கீழ்ப்பட்டையில் `Host tools` என்று இருக்கும். பழைய பதிப்புகளில் கேடயப் படத்தோடு `Security` என்று இருந்தது. அதைத் திறந்தால் அடியில் சிவப்பு எழுத்தில் `Suspend participant activities` தெரியும். 2020 நவம்பரில் ஸூம் கொண்டுவந்த வசதி இது. அதை அழுத்தியதும் எல்லாருடைய ஒலி, காணொளி, திரைப் பகிர்வு, அரட்டை, பதிவு அனைத்தும் ஒரேயடியாக நின்றுவிடும். யார் குற்றவாளி என்று நாற்பது கட்டங்களில் தேட வேண்டிய அவசியமில்லை. பிள்ளைகள் கண்முன் படம் ஓடும்போது உங்களுக்குத் தேவையானது அந்த அமைதிதான். ஸூமிடம் புகார் செய்கிறீர்களா என்று அப்போதே அது கேட்கும். கை நடுங்கும் நேரத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மேலே போகலாம், புகாரைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு பங்கேற்பாளர் பட்டியலைத் திறந்து, அத்துமீறியவர்களுக்கு நிதானமாக, ஒவ்வொருவராக `Remove` கொடுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் இருவரையும் காத்திருப்பு அறைக்கு அனுப்புங்கள். உண்மையானவரைக் கைப்பேசியில் அழைத்து, குரல் கேட்டபின் உள்ளே விடலாம். `Remove` கொடுத்தால் அவரால் திரும்ப வர முடியாது. கணக்கின் அமைப்புகளில் `Allow removed participants to rejoin` என்பதை யாரும் மாற்றி வைக்காதவரை அப்படித்தான். ஆனால் வேறு கருவியில், வேறு பெயரில் அதே ஆள் மறுபடி நுழைய முயலலாம். பூட்டு உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான். நிறுத்தம் கொடுக்கும்போதே பெரும்பாலும் பூட்டும் சேர்ந்து விழும். இருந்தாலும் `Lock meeting` பக்கத்தில் டிக் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பேசும் உரிமையையும் காணொளியையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். திரைப் பகிர்வைத் திறக்க வேண்டாம். பிள்ளைகள் வரைந்ததைக் காட்டுவதற்காக எல்லாருக்கும் பகிர்வு கொடுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓட்டையில்தான் படம் ஓடியது. பிள்ளைகள் வரைந்ததைக் காகிதத்தோடு கேமரா முன் பிடித்தால் போதுமே.

இதையெல்லாம் குறள் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஒருவரால் செய்ய முடியாது. நடத்துநரும் இணை நடத்துநரும் மட்டுமே இந்தப் பொத்தான்களைத் தொட முடியும் என்பதால், பாடம் எடுக்காத ஒருவரை இணை நடத்துநராக்கி வாசலில் உட்காரவையுங்கள். 2020 ஏப்ரலில், முழுநேர வீட்டுக் கற்றல் தொடங்கிய கையோடு, நம் பள்ளி ஒன்றின் உயர்நிலை ஒன்று புவியியல் பாடத்திலும் இப்படித்தான் இரண்டு பேர் நுழைந்து ஆபாசப் படம் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஸூமை நிறுத்திவைத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கூட்டிய பிறகே மறுபடி அனுமதித்தது.

ஒருவரை வெளியேற்ற உங்களுக்கு உரிமை உண்டா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் இழையோடுகிறது. வகுப்பு நடத்துபவருக்கு அந்த உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பதிவு பெற்ற சங்கத்தின் உறுப்பினருக்கு அங்கே வாக்குரிமை இருக்கிறது. உங்கள் விதிமுறைகள் இடம் கொடுக்காமல் அவரை வெளியேற்றிவிட்டுத் தீர்மானம் போட்டால், அந்தத் தீர்மானத்தையே எதிர்த்துக் கேட்கலாம்.

அந்தப் பதிவும் அந்தக் காணொளியும்

நம் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜனவரி 1 முதல் அதில் ஒரு புதுக் குற்றம் சேர்ந்தது: ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய படம், எண், முகவரி போன்ற அடையாளத் தகவல்களை வெளியிடுவது. நோக்கம் நிரூபணமானால் 5,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். "நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள்" என்பது இதற்குப் பதிலாகாது. படத்தையும் எண்ணையும் போட்டு "இவன்தான்" என்று எழுதியதை வேறு எப்படிப் படிப்பது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அவதூறு வழக்கு தனி. "எங்கள் சொந்தக் குழுவில்தானே போட்டோம்" என்று பலர் நினைக்கிறார்கள். அவதூறுக்கு மூன்றாம் நபர் ஒருவர் படித்தாலே போதும்.

பதிவை நீக்கிவிட்டு, அதே குழுவில் திருத்தம் போடுங்கள். "சனிக்கிழமை நடந்ததற்கு இன்னார்தான் காரணம் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. அந்தப் பதிவைத் திரும்பப் பெறுகிறோம், அவரிடம் வருத்தம் தெரிவிக்கிறோம்" என்ற அளவில் இருந்தால் போதும். தன் விளக்கம் எதையும் பதிவு போட்டவர் சேர்க்க வேண்டாம். உறுப்பினரிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். பழைய மனத்தாங்கல் இருப்பதால் அதைச் செய்தியில் முடித்துக்கொள்ளத் தோன்றும். குரலில் சொன்னால்தான் எடுபடும்.

அந்தத் தாயார் எடுத்த காணொளியைப் பற்றி ஒரு கேள்வி: அந்தப் படத்தில் இருந்தவர்கள் வயது வந்தவர்கள்தானா? அப்படியென்றால், அவருடைய கைப்பேசியில் இருக்கும் ஒரே பிரதியைத் தொடாமல் வைத்திருக்கட்டும். அப்படி ஒன்று இருப்பதைப் புகாரில் எழுதுங்கள், விசாரணை அதிகாரி சொன்னபடி செய்யுங்கள். யாருக்கும், செயற்குழுவுக்கும்கூட, அனுப்பக் கூடாது. ஆபாசப் படத்தை மின்வழியில் அனுப்புவதே குற்றம். ஆதாரத்துக்காக அனுப்பினேன் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் நீங்களும் சிக்கலில் மாட்டுவீர்கள்.

படத்தில் இருந்தது ஒரு பிள்ளை என்ற சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால் நிலைமை வேறு. அதை வைத்திருப்பதே தண்டனைச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுவரை சிறை போகக்கூடிய குற்றம். பிரதி எடுக்க வேண்டாம், திரைப்பிடிப்பு எடுக்க வேண்டாம், மறுபடி போட்டுப் பார்க்கவும் வேண்டாம். உடனே போலிசை அழைத்து, இப்படி ஒன்று என் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று அந்தத் தாயாரே கேட்கட்டும்.

புகார்: எங்கே, எப்படி

இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

ஸூமிடம் கொடுப்பது கணக்கை முடக்குவதற்காக. கூட்டம் நடக்கும்போது `Host tools` வழியாக `Report` கொடுக்கலாம். கூட்டம் முடிந்துவிட்டதால், இப்போது அவர்களுடைய இணையதளத்தில் உள்ள புகார்ப் படிவத்தில் கூட்ட எண், தேதி, நேரம், அந்த நான்கு வரிகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். திரைப்பிடிப்பு இணைக்கச் சொன்னால், பிள்ளைகளின் முகம் தெரியும் எதையும் சேர்க்காதீர்கள்.

போலிஸ் புகாரைச் சிங்பாஸ் வழியாகக் காவல்துறையின் இணையதளத்தில் கொடுக்கலாம், அல்லது பக்கத்திலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் நேரில் கொடுக்கலாம். 999 ஓடிக்கொண்டிருக்கும் ஆபத்துக்கு, முடிந்துபோனதற்கு அல்ல. புகாரில் உங்கள் கருத்தை எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். இப்படி:

"சனிக்கிழமை, சிங்கப்பூர் நேரம் இரவு 8.12க்கு, இந்த எண்ணுள்ள ஸூம் கூட்டத்தில், அடையாளம் தெரியாத சிலர் இனரீதியாகத் திட்டினார்கள். அதன்பின் திரைப் பகிர்வில் ஆபாசக் காணொளி ஓட்டினார்கள். 8.20க்குக் கூட்டத்தை முடித்தேன். அப்போது பிள்ளைகள் பலர் இருந்தார்கள், அவர்களில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் உண்டு. ஓட்டியவரின் கட்டத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் பெயர் தெரிந்தது. அதே நேரத்தில் அதே பெயரில் வேறொருவரும் இருந்ததாக வருகைப் பட்டியல் காட்டுகிறது."

வயதைக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறப்புறுப்பின் படத்தை ஒருவர் விருப்பமின்றி அவர் பார்க்கும்படி வேண்டுமென்றே காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 377BF பிரிவில் வரலாம். பாலியல் இன்பம் பெறும் நோக்கமோ, அவருக்கு அவமானமோ அதிர்ச்சியோ ஏற்படுத்தும் நோக்கமோ இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் தண்டனை கூடும். அவர்கள் திட்டிய சொற்களை நாகரிகம் பார்த்து மறைக்காமல், நினைவிருக்கும்வரை அப்படியே எழுதுங்கள். இனரீதியான வசைக்குத் தனிச் சட்டப் பிரிவுகள் உண்டு. "மோசமாகப் பேசினார்கள்" என்று எழுதினால் அது எந்தப் பிரிவிலும் அடங்காது.

கண்டுபிடித்துவிடுவார்களா? உறுதி சொல்ல மாட்டேன். வந்தவன் வெளிநாட்டில் இருந்தால், இணைய முகவரியை மறைத்து வந்திருந்தால், பல புகார்கள் அங்கேயே நின்றுவிடும். உள்ளூர் ஆள் என்றால் இணைப்பு விவரங்களை நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் வழி போலிசுக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அந்த விவரங்களும் என்றென்றும் இருக்காது. அதனால் இன்னொரு செயற்குழுக் கூட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

தலைவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: புகார் கொடுக்கச் செயற்குழுவின் தீர்மானம் தேவையில்லை. கண்ணால் பார்த்தவர் என்ற முறையில் நீங்களே கொடுக்கலாம், பெற்றோர் எவரும் கொடுக்கலாம். அவர் கவலைப்பட வேண்டிய வேறொன்று இருக்கிறது. அமைப்பு என்ற வகையில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். வெளியாள் பார்த்தது பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் மட்டுமா, அல்லது அரட்டையில் யாராவது முகவரி, எண் எதையும் போட்டிருந்தார்களா என்று பார்த்து எழுதிவையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டிய அளவு என்று மதிப்பிட்டால், அதன்பின் மூன்று நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். என் கணிப்பில் அந்த அளவுக்கு வராது. ஆனாலும் பார்த்தோம், இன்ன காரணத்தால் வராது என்று முடிவு செய்தோம் என்ற குறிப்பு கோப்பில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். எத்தனை நிமிடம் ஓடியது, என்ன வகைப் படம், புகார் கொடுத்தாயிற்று, யாரும் பதிவைப் பகிர வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். நடந்ததை மழுப்பினால் அவர்கள் பிள்ளைகளிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். அடுத்த சனிக்கிழமைக்குப் புதுக் கூட்ட எண் போடுங்கள், உங்கள் சொந்த நிரந்தர எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். ஃபேஸ்புக்கில் வகுப்பின் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும். சுட்டி, பெயர் கொடுத்துப் பதிந்தவர்களுக்கு மட்டும் போகட்டும். காத்திருப்பு அறையைத் திறந்துவைத்து, இணை நடத்துநர் பட்டியலைப் பார்த்து உள்ளே விடட்டும். 8.15 வாக்கில் எல்லாரும் வந்தபின் பூட்ட நினைத்தால் பூட்டலாம். பாட்டியின் வைஃபை அறுந்தால் அழைக்க வேண்டிய எண்ணை அவரிடம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.